மார்ச் 31-க்குப் பிறகு வந்த செய்தி: எது கணக்கில் ஏறும், எது குறிப்பில் நிற்கும்?

2025 ஆகஸ்ட் 27 அன்று, ஆடைகள் உட்பட இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் பல பொருள்களின் மீது அந்த நாடு விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், இருபது நாள் கழித்து மேலும் 25. அமெரிக்காவை நம்பித் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளுக்கு அது பேரிடி.

அதே நாள்களில் அந்தக் கம்பெனிகள் பலவற்றின் மேசையில் வேறொரு வேலையும் காத்திருந்தது. 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்த நிதியாண்டின் கணக்கை இறுதி செய்ய வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி தன் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30-க்குள் நடத்தியாக வேண்டும். அதற்கு 21 நாள் முன்பே உறுப்பினர்களுக்கு அறிவிப்பும் கணக்கும் போய்ச் சேர வேண்டும். அதனால் இத்தகைய கம்பெனிகளில் இயக்குநர் குழு கணக்கில் கையெழுத்திடுவது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோதான்.

கணக்கு மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. நடுவில் வந்த இந்த வரி, மார்ச்சில் முடிந்த ஆண்டின் இலாபத்தைக் குறைக்குமா?

குறைக்காது. ஆனால் அதைச் சொல்லாமல் விடவும் முடியாது. அதே ஐந்து மாத இடைவெளியில் ஒரு பழைய கடனாளி திவாலாகியிருந்தால், அந்த நட்டம் மார்ச் இலாபத்தைக் குறைக்கும். இரண்டுமே மார்ச்சுக்குப் பிறகு தெரியவந்தவை, இரண்டுமே நட்டம். ஒன்று கணக்குக்குள் போகிறது, மற்றது கணக்கின் கீழே ஒரு குறிப்பாக நிற்கிறது. இந்தப் பாகுபாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை வாசிக்கும் விதமே மாறிவிடும்.

இரண்டு தேதிகளுக்கு நடுவே

ஒவ்வொரு ஆண்டுக் கணக்குக்கும் இரண்டு முக்கியமான தேதிகள் உண்டு. முதலாவது அறிக்கைத் தேதி. இந்தியக் கம்பெனிகளுக்கு அது மார்ச் 31. இருப்புநிலைக் குறிப்பில் காணும் சொத்தும் கடனும் அந்த நாளின் நிலவரம். இரண்டாவது, அந்தக் கணக்கை வெளியிடலாம் என்று இயக்குநர் குழு ஒப்புதல் தரும் தேதி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடப்பவற்றைத்தான் அறிக்கைத் தேதிக்குப் பிந்தைய நிகழ்வுகள் என்கிறார்கள். உலக அளவில் இதற்கான விதி ஐ.ஏ.எஸ். 10 என்ற கணக்கியல் தரநிலை. அதையொட்டி இந்தியாவின் பெரிய கம்பெனிகளுக்கு இண்ட் ஏ.எஸ். 10, இலங்கையில் எல்.கே.ஏ.எஸ். 10. இந்தியாவின் சிறிய கம்பெனிகள் பழைய ஏ.எஸ். 4-ஐப் பின்பற்றுகின்றன.

பங்குதாரர்கள் கணக்கை ஏற்கும் பொதுக்கூட்டத் தேதி இங்கே எல்லைக்கோடு ஆகாது. இயக்குநர் குழு ஒப்புதல் தந்த நாளோடு அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. இதனால் ஒரே நிகழ்வு, இரண்டு கம்பெனிகளின் கணக்கில் இரண்டு விதமாகத் தெரியலாம். பட்டியலிடப்பட்ட கம்பெனி தன் ஆண்டு முடிவுகளை 60 நாளுக்குள், அதாவது மே 30-க்குள் வெளியிட வேண்டும். அந்தக் கம்பெனி மே மாதம் கையெழுத்திட்டபோது, ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் பரஸ்பர வரியை அறிவித்தது தெரியும். ஆகஸ்டில் வந்த 50 சதவீதம் தெரியாது. செப்டம்பரில் கையெழுத்திட்ட பக்கத்துக் கம்பெனிக்கு இரண்டும் தெரியும். கையெழுத்துத் தேதியைக் கவனிக்காமல் இருவரின் கணக்கையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். அந்தத் தேதியையும், ஒப்புதல் தந்தது யார் என்பதையும் கணக்கிலேயே எழுத வேண்டும் என்று தரநிலை கேட்பது இதனால்தான்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இந்த இடைவெளியில் ஒரு செய்தி வந்தால் கணக்காளர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் செய்தி காட்டும் நிலைமை மார்ச் 31 அன்றே இருந்ததா, அதற்குப் பிறகு உருவானதா?

மார்ச் 31 காலையில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம், முடிவு ஏப்ரல் 3-இல் வருகிறது, சர்க்கரை இருப்பதாகச் சொல்கிறது. தாள் கைக்கு வந்தது ஏப்ரலில் என்றாலும் நோய் மார்ச் 31 அன்றே உடம்பில் இருந்தது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் விழுந்து கால் முறிந்தால், அது ஏப்ரல் 3-இன் முறிவு. மார்ச் 31-ஆம் தேதி உடல்நிலை அறிக்கையில் அதற்கு இடமில்லை.

முதல் வகைக்குச் சரிக்கட்டும் நிகழ்வு என்று பெயர். மார்ச் 31 அன்றே இருந்த நிலைமைக்கு இது பின்னால் கிடைத்த சான்று. அதனால் கணக்கிலுள்ள எண்களைத் திருத்த வேண்டும். இரண்டாவது வகை சரிக்கட்டாத நிகழ்வு. நிலைமையே மார்ச் 31-க்குப் பிறகு உருவானது. எண்களைத் தொடக் கூடாது. ஆனால் நிகழ்வு பெரியதாக இருந்தால், என்ன நடந்தது, எவ்வளவு பாதிப்பு என்று விளக்கக் குறிப்பில் எழுத வேண்டும்.

செய்தி எந்த நாளில் வந்தது என்பதும் தொகை எவ்வளவு பெரியது என்பதும் இந்த வகைப்பாட்டைத் தீர்மானிப்பதில்லை. பத்துக் கோடி நட்டமானாலும் நிலைமை பின்னால் உருவானது என்றால் எண்களுக்குள் வராது. மார்ச் 31-இல் வேர் இருக்கும் ஒரு கோடி, கணக்கை மாற்றும் அளவுக்குப் பெரிதென்றால், வந்தே தீரும்.

கொரோனா இதற்குத் தெளிவான சான்று. டிசம்பர் 31-ஐ ஆண்டு முடிவாகக் கொண்ட கம்பெனிகள் உலகெங்கும் உண்டு. 2019 டிசம்பர் 31 அன்றுதான் வூஹானில் புரியாத நிமோனியா பரவுவது உலக சுகாதார நிறுவனத்தின் கவனத்துக்கு வந்தது. சர்வதேச அவசரநிலை 2020 ஜனவரி 30-இலும், பெருந்தொற்று என்ற அறிவிப்பு மார்ச் 11-இலும் வந்தன. ஆகவே 2019 டிசம்பர் கணக்குகளில் கொரோனா பொதுவாகச் சரிக்கட்டாத நிகழ்வாகக் கருதப்பட்டுக் குறிப்பில் நின்றது. இந்தியாவில் ஊரடங்கு 2020 மார்ச் 25-இல் தொடங்கிவிட்டதால், 2020 மார்ச் 31-இல் முடிந்த கணக்கில் அதே நோய், இருக்கும் நிலைமையாகவே எண்களுக்குள் வந்துவிட்டது. இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் சுற்றுலாவை முடக்கின. 2019 மார்ச் 31-இல் ஆண்டை முடித்த ஹோட்டல் கம்பெனிக்கு அது இருபத்தொரு நாள் கழித்து வந்த, சரிக்கட்டாத நிகழ்வு.

ஒரு கம்பெனி, ஆறு நிகழ்வுகள்

இனி ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனி இது. எண்களும் நாம் வைத்தவை. இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் அளவுக்குப் பெரியது, பட்டியலிடப்படாதது. 2025 மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தது. வரைவுக் கணக்கில் வரிக்கு முந்தைய இலாபம் 40 கோடி ரூபாய். இயக்குநர் குழு 2025 செப்டம்பர் 5 அன்று ஒப்புதல் தரப்போகிறது. அதற்குள் ஆறு செய்திகள் வந்துவிட்டன.

முதலாவது, மும்பையிலுள்ள ஒரு மொத்த வியாபாரி. மார்ச் 31 அன்று அவர் தர வேண்டியது 6 கோடி. ஜனவரியிலேயே தவணை கடந்துவிட்டது, அதனால் கம்பெனி முன்னெச்சரிக்கையாக 1 கோடியை ஐயக்கடன் ஒதுக்காக வைத்திருந்தது. ஜூன் மாதம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவர்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. வங்கி உத்தரவாதம் இருக்கும் 2 கோடி மட்டும் திரும்பி வரும். ஒரு வியாபாரி ஜூன் மாதத்தில் ஒரே நாளில் நொடிந்துபோவதில்லை. தவணை தவறிய ஜனவரியிலேயே அவர் நிலை கெட்டிருந்தது. ஜூன் மாத உத்தரவு அதை உறுதி செய்கிறது, அவ்வளவுதான். இது சரிக்கட்டும் நிகழ்வு. மொத்த நட்டம் 4 கோடி, அதில் 1 கோடி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்னும் 3 கோடியைக் கழிக்க வேண்டும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். மார்ச் மாதம் வரை ஒழுங்காகப் பணம் கட்டிவந்த வியாபாரி, மே மாதம் காப்பீடு இல்லாத கிடங்கு எரிந்து, அதனால் திவாலாகியிருந்தால் பதில் மாறிவிடும். திவால் என்ற சொல்லைக் கண்டதும் சரிக்கட்டும் நிகழ்வு என்று முத்திரை குத்தக் கூடாது. எதனால் திவாலானார் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, பருவம் தப்பிய சரக்கு. 2024-இல் தைத்து, வாங்குபவர் கைவிட்டதால் தேங்கிப்போன ஆடைகள், 5 கோடி அடக்கவிலையில் மார்ச் 31 சரக்கிருப்பில் இருக்கின்றன. ஜூலையில் அவற்றை 3.3 கோடிக்குத் தள்ளிவிட்டார்கள், விற்கும் செலவு 30 லட்சம். கையில் நின்றது 3 கோடி. சரக்கிருப்பை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் காட்ட வேண்டும். மார்ச் 31 அன்றே இந்த ஆடைகளுக்கு ஆள் இல்லை, ஜூலை விற்பனை அன்றைய உண்மை மதிப்பைக் காட்டிக்கொடுத்தது. சரிக்கட்டும் நிகழ்வு, 2 கோடி கழிவு.

மூன்றாவது, ஒரு வழக்கு. நூல் கொள்முதல் ஒப்பந்தத்தை முறித்ததற்காக 2023-இல் ஒரு மில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று வழக்கறிஞர் சொன்னதால் கம்பெனி 1.5 கோடி ஒதுக்கியிருந்தது. 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது: 2.5 கோடி கொடு. மேல்முறையீடு செய்வதில்லை என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது. ஒப்பந்தம் முறிந்தது பழைய ஆண்டில், பொறுப்பும் மார்ச் 31 அன்றே இருந்தது, தொகைதான் இப்போது தெரிந்தது. சரிக்கட்டும் நிகழ்வு, கூடுதலாக 1 கோடி. தீர்ப்பு 1 கோடி என்று வந்திருந்தால், ஒதுக்கியதில் 50 லட்சத்தைத் திருப்பி எடுத்து இலாபத்தைக் கூட்டியிருப்போம். இந்த விதி நட்டத்துக்கும் நன்மைக்கும் ஒன்றுதான்.

நான்காவது, அமெரிக்க வரி. குளிர்கால ஆர்டருக்காக முன்கூட்டியே தைத்து வைத்த ஆடைகள், அடக்கவிலை 8 கோடி, மார்ச் 31 சரக்கில் இருக்கின்றன. அன்று அவற்றுக்கு இலாபம் தரும் விலையில் உறுதியான ஆர்டர் இருந்தது. ஆகஸ்ட் 27-க்குப் பிறகு அமெரிக்க வாடிக்கையாளர் வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும் என்று விலையைக் குறைத்தார். இப்போது கையில் வருவது 6.8 கோடி. 1.2 கோடி நட்டம்.

இரண்டாவது நிகழ்வைப் போலவே இதுவும் மார்ச் 31 சரக்கு, இதுவும் அடக்கவிலைக்குக் கீழே போன விலை. ஆனால் காரணம் வேறு. இந்தச் சரக்கின் விலையைக் குறைத்தது ஆகஸ்டில் அமலான வரி. பரஸ்பர வரி வரப்போகிறது என்ற பேச்சு பிப்ரவரியிலிருந்தே இருந்தது உண்மைதான். என்றாலும் மார்ச் 31 அன்று அந்த வரி அமலில் இல்லை, விகிதமும் அறிவிக்கப்படவில்லை, ஆர்டர் விலையும் மாறவில்லை. எனவே சரிக்கட்டாத நிகழ்வு. சரக்கு 8 கோடியிலேயே நிற்கும், நட்டம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும்.

ஐந்தாவது, ஜூன் 12 அன்று ஒரு தையல் கூடத்தில் தீ. 9 கோடி மதிப்புள்ள எந்திரமும் துணியும் எரிந்தன. 7 கோடிக்குக் காப்பீடு கோரியிருக்கிறார்கள், நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. மார்ச் 31 அன்று அந்த எந்திரங்கள் முழுசாக ஓடிக்கொண்டிருந்தன. சரிக்கட்டாத நிகழ்வு.

ஆறாவது, செப்டம்பர் 5 கூட்டத்திலேயே இயக்குநர் குழு பரிந்துரைக்கும் 3 கோடி டிவிடெண்ட். மார்ச் ஆண்டின் இலாபத்திலிருந்து தருவதுதானே, அதே கணக்கில் கடனாகக் காட்டினால் என்ன என்று தோன்றலாம். இந்தியாவில் முன்பு அப்படித்தான் காட்டினார்கள். மார்ச் 31 அன்று அந்தத் தொகையைத் தரும் கடமை கம்பெனிக்கு இல்லை என்பதே சர்வதேசத் தரநிலையின் நிலைப்பாடு. பழைய ஏ.எஸ். 4-ம் 2016-இல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. இன்று எந்தக் கம்பெனியானாலும் இது குறிப்பில் மட்டுமே வரும்.

திருத்திய இலாபம்

பிரித்து முடித்தாயிற்று. இனிக் கூட்டல் கழித்தல்தான். வருமான வரியை எளிமைக்காக 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

வரைவு இலாபம், வரிக்கு முன்: 40.0 கோடி
கழிக்க, மும்பை வியாபாரியின் கடன்: 3.0 கோடி
கழிக்க, தேங்கிய சரக்கின் மதிப்புக் குறைவு: 2.0 கோடி
கழிக்க, வழக்கின் கூடுதல் ஒதுக்கு: 1.0 கோடி
திருத்திய இலாபம், வரிக்கு முன்: 34.0 கோடி
வரி, 25 சதவீதம்: 8.5 கோடி
வரிக்குப் பிந்தைய இலாபம்: 25.5 கோடி

வரைவில் வரிக்குப் பிந்தைய இலாபம் 30 கோடியாக இருந்தது. 4.5 கோடி குறைந்திருக்கிறது. இதே மாற்றம் இருப்புநிலைக் குறிப்பிலும் சரியாக வந்து உட்கார வேண்டும். கடனாளியிடமிருந்து வரவேண்டியது 5 கோடியிலிருந்து 2 கோடியாகிறது. தேங்கிய சரக்கு 5-லிருந்து 3 ஆகிறது. வழக்குக்கான பொறுப்பு 1.5-லிருந்து 2.5 ஆக உயர்கிறது. வரிப்பொறுப்பு 1.5 கோடி குறைகிறது. சொத்தில் 5 கோடி குறைவு, பொறுப்புகளில் நிகரமாக அரைக் கோடி குறைவு, ஆக உரிமையாளர் நிதியில் 4.5 கோடி குறைவு. இரு பக்கமும் ஒத்துப்போகிறது. இந்த வரிக் குறைப்பு முழுவதும் இந்த ஆண்டே செலுத்தும் வரியில் கிடைக்கும் என்பதில்லை. ஒதுக்குகள் சிலவற்றை வருமான வரித்துறை பணம் உண்மையில் போன பிறகே செலவாக ஏற்கும். அந்தப் பகுதி ஒத்திவைத்த வரியாக நிற்கும். மொத்த எண் மாறாது.

தவறாகப் பிரித்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். எல்லாமே நட்டம்தானே என்று வரியின் 1.2 கோடியையும் தீயின் 9 கோடியையும் சேர்த்துக் கழித்தால், வரிக்கு முந்தைய இலாபம் 23.8 கோடி என்று வரும். உண்மையில் நன்றாக ஓடிய ஆண்டு மோசமான ஆண்டாகத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த நட்டங்களிலிருந்து தப்பி, இருப்பதைவிட நல்ல ஆண்டாகத் தெரியும். மறுபக்கம், ஆண்டு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, எதுவும் வேண்டாம் என்று விட்டால் இலாபம் 40 கோடியாகவே நிற்கும். வராத கடனையும் விற்காத சரக்கையும் சொத்தென்று நம்பி வங்கி கடன் கொடுக்கும்.

குறிப்பில் என்ன எழுத வேண்டும்

சரிக்கட்டாத பெரிய நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். நிகழ்வு என்ன என்பது ஒன்று. அதன் நிதிப் பாதிப்பு எவ்வளவு என்ற மதிப்பீடு மற்றது. மதிப்பிடவே முடியாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் கம்பெனியின் குறிப்பு இப்படி அமையும்:

"அறிக்கைத் தேதிக்குப் பிந்தைய நிகழ்வுகள்.

அ. 2025 ஆகஸ்ட் 27 முதல், கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆடைகள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்துள்ளது. இந்த ஆண்டு விற்பனையில் 35 சதவீதம் அமெரிக்காவுக்கு நடந்தது. 2025 மார்ச் 31 அன்று இருந்த சரக்கில் 8 கோடி ரூபாய் அடக்கவிலையுள்ள பகுதியில் 1.2 கோடி ரூபாய் நட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. இந்நட்டம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. விலை குறித்து வாடிக்கையாளர்களுடன் பேச்சு நடந்துவருவதால், இனி வரும் ஆர்டர்களின் மீதான பாதிப்பை இப்போது மதிப்பிட இயலவில்லை.

ஆ. 2025 ஜூன் 12 அன்று ஒரு தையல் கூடத்தில் ஏற்பட்ட தீயில், ஏட்டு மதிப்பில் 9 கோடி ரூபாய் எந்திரங்களும் சரக்கும் அழிந்தன. 7 கோடி ரூபாய்க்குக் காப்பீடு கோரப்பட்டுள்ளது; காப்பீட்டு நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. பிற கூடங்களில் உற்பத்தி தொடர்கிறது. இந்நட்டம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இ. 2025 செப்டம்பர் 5 அன்று இயக்குநர் குழு 3 கோடி ரூபாய் இறுதி டிவிடெண்டைப் பரிந்துரைத்துள்ளது. பங்குதாரர்களின் ஒப்புதலுக்கு உட்பட்ட இத்தொகை பொறுப்பாகக் காட்டப்படவில்லை.

இந்த நிதிநிலை அறிக்கைகளுக்கு இயக்குநர் குழு 2025 செப்டம்பர் 5 அன்று ஒப்புதல் அளித்தது."

கடனாளியும் தேங்கிய சரக்கும் வழக்கும் இந்தக் குறிப்பில் இல்லை. அவை ஏற்கெனவே எண்களில் ஏறிவிட்டன. வரியைப் பற்றிய பத்தியில் தெரிந்த தொகையும் தெரியாத பகுதியும் தனித்தனியாக இருக்கின்றன. சரக்கின் நட்டத்தைக் கணக்கிட முடிகிறது, வரப்போகும் ஆர்டர்களைக் கணக்கிட முடியவில்லை. இரண்டையும் கலந்து, பாதிப்பை மதிப்பிட இயலவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடும் குறிப்புகள் நிறைய உண்டு. அப்படி எழுதுவது தெரிந்த தொகையை மறைப்பதாகும்.

ஏ.எஸ். 4 பின்பற்றும் சிறிய கம்பெனிகளில் இதே செய்தியைக் கணக்கின் குறிப்பில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அங்கே அது இயக்குநர் குழு அறிக்கையில் வரும். கம்பெனிச் சட்டம் 2013-இன் 134-ஆம் பிரிவும், ஆண்டு முடிவுக்கும் அறிக்கைத் தேதிக்கும் இடையே நிதிநிலையைப் பாதிக்கும் முக்கிய மாற்றங்களை அந்த அறிக்கையில் சொல்லும்படி எல்லாக் கம்பெனிகளையும் கட்டாயப்படுத்துகிறது.

விதி வளையும் ஓர் இடம்

நம் கதையில் தீ ஒரு கூடத்தோடு நின்றது. மொத்தத் தொழிற்சாலையும் எரிந்து, காப்பீடும் போதாமல், கம்பெனியை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகியிருந்தால்? தீ ஜூன் மாதத்தில் என்றாலும் அப்போது குறிப்போடு நிறுத்த முடியாது. எந்திரத்தை ஏட்டு மதிப்பில் காட்டுவதும் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவதும், கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அந்த அனுமானமே உடைந்துவிட்டால் கணக்கின் அடிப்படையையே மாற்றி எழுத வேண்டும் என்கிறது தரநிலை. மூடுவதென்ற முடிவு ஆண்டு முடிந்த பிறகு எடுக்கப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

எங்கே பிசகுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

நடைமுறையில் பிசகு பெரும்பாலும் சரிக்கட்டும் நிகழ்வுகளில்தான் நேர்கிறது, ஏனென்றால் அவைதான் இலாபத்தைக் குறைப்பவை. பழைய கடனாளியின் திவாலை எதிர்பாராத சம்பவம் என்று சொல்லிக் குறிப்புக்குத் தள்ளிவிட்டால் ஆண்டின் இலாபம் தப்பிவிடும். இன்னொன்று மார்ச் கடைசி வாரத்து விற்பனை. மார்ச் 29-இல் 2 கோடிக்குப் பில் போட்டு, ஏப்ரல் 12-இல் அதே சரக்கு திரும்பி வந்ததாகக் கிரெடிட் நோட் போட்டால், மார்ச் விற்பனை உண்மையான விற்பனையாகவே இருந்திருக்காது. அந்தக் கிரெடிட் நோட்டும் மார்ச் கணக்கைத் திருத்தக் கோரும் சான்றுதான்.

ஆடிட்டர் இதைப் பிடிக்க எஸ்.ஏ. 560 என்ற தணிக்கைத் தரநிலை உதவுகிறது. அதன்படி அவர் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் நாள் வரை நடந்தவற்றைத் தேட வேண்டும். ஏப்ரலுக்குப் பிந்தைய வங்கிக் கணக்கில் எந்தக் கடனாளியின் பணம் வரவில்லை என்று பார்ப்பார். ஏப்ரல், மே மாதக் கிரெடிட் நோட்டுகளைப் புரட்டுவார். மார்ச் சரக்கு பின்னால் என்ன விலைக்கு விற்றது என்று பில்களை எடுப்பார். இயக்குநர் கூட்டக் குறிப்பேட்டை வாசித்து, வழக்கறிஞரிடம் வழக்குகளின் நிலையைக் கேட்பார். கடைசியாக, நிர்வாகத்திடமிருந்து எழுத்துமூலம் உறுதியும் வாங்குவார்.

பங்கு வாங்குபவரோ, கடன் தரும் கூட்டுறவு வங்கி அலுவலரோ, கம்பெனியில் சம்பளம் வாங்குபவரோ இந்த ஆவணங்களைப் பார்க்க முடியாது. ஆனால் ஆண்டறிக்கை கையில் இருக்கும். முதலில் கையெழுத்துத் தேதியைப் பாருங்கள். மார்ச் 31-க்கும் அந்தத் தேதிக்கும் இடையே அந்தத் தொழிலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிறகு பிந்தைய நிகழ்வுகள் குறிப்பையும் இயக்குநர் குழு அறிக்கையையும் வாசியுங்கள். செப்டம்பரில் கையெழுத்தான ஓர் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியின் 2025 கணக்கில், அமெரிக்காவுக்கு நிறைய விற்றும், அந்த வரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தக் கணக்கின் மற்ற எண்களையும் நம்புவதற்கு முன் இன்னொரு முறை கேள்வி கேளுங்கள்.